பாட்டில் குளிர்பானத்தில் எத்தனை ஸ்பூன் சீனி? லேபிளைப் பார்த்து நாமே கணக்குப் போடும் வழி

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் எங்கள் தெருப் பெண்கள் பதினொரு மணி வாக்கில் கரையேறுவார்கள். வாயெல்லாம் உப்பு, தலைக்கு மேல் வெயில். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அதனால் கரையேறியதும் கை நேராகக் கடையின் ஐஸ் பெட்டிக்குத்தான் போகும். எங்கள் மதினி வாங்குவது 600 மில்லி மாம்பழ பாட்டில். கூடவரும் கூட்டாளியோடு ஆளுக்குப் பாதி.

"டீயில ரெண்டு ஸ்பூனுக்கு மேல சீனி போட்டா எனக்குத் தெகட்டிரும் மதினி"ன்னு சொல்லுகிறவர் அவர். எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான். ஒருநாள் அந்த பாட்டிலைக் கையில் வாங்கி, பின்பக்க எண்களை ஸ்பூன் கணக்காக மாற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு கிண்ணத்தில் சீனியை அளந்து கொட்டிக் காட்டிய பிறகுதான் நம்பினார். அன்று செய்த கணக்கைத்தான் இங்கே ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். அந்த லேபிளில் இருந்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பாட்டிலில் எண்கள் வேறாக இருக்கும், கணக்கு இதேதான்.

முதலில் உங்கள் வீட்டு ஸ்பூனை அளந்துகொள்ளுங்கள்

பாட்டிலைத் திருப்பும் முன் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பிறகு வரும் எண் எதுவும் மனதில் பதியாது.

அளவு ஸ்பூன், அதாவது டீஸ்பூன் என்பது 5 மில்லி கொள்ளும். அதில் சீனியை அள்ளி, மேலே குவிந்திருப்பதைக் கத்தி முதுகால் வழித்துவிட்டால் நிற்பது சுமார் 4 கிராம். நுணுக்கமாக எடை போட்டால் 4.2 கிராம் வரும். கணக்குக்கு 4 போதும். 4ஆல் வகுப்பது மனக்கணக்கிலேயே முடியும், அதனால் வரும் வித்தியாசம் இருபது ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன்தான்.

வீட்டில் அளவு ஸ்பூன் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். பிள்ளைகளின் இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியில் 5 மில்லிக்குக் கோடு போட்டிருப்பார்கள். அதைக் கழுவிக் காயவைத்து, கோடு வரைக்கும் சீனி நிரப்பினால் அதுதான் ஒரு டீஸ்பூன். இப்போது அந்தச் சீனியை நீங்கள் தினமும் டீக்குப் போடும் ஸ்பூனில் கொட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஸ்பூன் முக்கால்தான் நிறைந்தது. அதோடு, நாம் யாரும் டீக்கு வழித்துப் போடுவதில்லை, குவித்துத்தான் போடுகிறோம். பலசரக்குக் கடைத் தராசில் எங்கள் ஸ்பூனால் பத்து முறை குவித்துப் போட்டு நிறுத்தபோது எழுபது கிராமுக்கு மேல் காட்டியது. அப்படியானால் எங்கள் வீட்டு ஒரு ஸ்பூன், கணக்கில் ஏறக்குறைய இரண்டு ஸ்பூன். "ரெண்டு ஸ்பூன்தான் போடுறேன்" என்ற மதினியின் பேச்சையே இதற்குப் பிறகு மறுபடி அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. அவர் ஸ்பூன் சின்னது, வழித்த அளவுக்குச் சரியாகவே இருந்தது. அதனால் அவருடைய இரண்டு ஸ்பூன், உண்மையாகவே எட்டு கிராம்.

லேபிளில் பார்க்க வேண்டிய இடம்

பாட்டிலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் சத்து விவரக் கட்டம் இருக்கும். அதில் கலோரி, கார்போஹைட்ரேட், அதற்குக் கீழே டோட்டல் சுகர்ஸ், அதற்கும் கீழே ஆடட் சுகர்ஸ் என்று வரிசையாக வரும். முதலாவது, பானத்தில் இருக்கும் மொத்தச் சீனி. இரண்டாவது, அதில் தயாரிப்பாளர் தனியாகச் சேர்த்த சீனி. இரண்டையும் கூட்டக்கூடாது. சேர்த்த சீனி மொத்தச் சீனிக்குள்ளேயே அடக்கம்.

மதினியின் பாட்டிலில் 100 மில்லிக்கு 58 கலோரி, கார்போஹைட்ரேட் 14.4 கிராம், மொத்தச் சீனி 14 கிராம், சேர்த்த சீனி 12.5 கிராம் என்று இருந்தது.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். 14 என்ற எண்ணைப் பார்த்ததும் "பாட்டிலுக்கு 14 கிராம்தானே, மூன்றரை ஸ்பூன்" என்று மனம் முடிவுகட்டிவிடும். ஆனால் அந்த 14 கிராம் 100 மில்லிக்கு உரியது. கையில் இருப்பதோ 600 மில்லி. எனவே எண்ணைப் படிக்கும் முன் கட்டத்தின் தலைப்பில் எந்த அளவுக்கு என்று பாருங்கள். 100 மில்லிக்கா, ஒரு தடவை குடிக்கும் அளவுக்கா, முழு பாட்டிலுக்கா? சின்ன பாட்டில்களில் முழு பாட்டில் கணக்கையே போடுவதும் உண்டு. அப்போது பெருக்கவே வேண்டாம்.

கணக்கு

பாட்டிலின் அளவை 100ஆல் வகுங்கள். வந்ததை லேபிளில் உள்ள சீனி கிராமால் பெருக்குங்கள். பிறகு 4ஆல் வகுங்கள்.

```
600 ÷ 100 = 6
6 × 14 கிராம் = 84 கிராம்
84 ÷ 4 = 21 டீஸ்பூன்
```

இருபத்தொரு ஸ்பூன். மருந்து மூடியால் இருபத்தொரு முறை அளந்து கிண்ணத்தில் கொட்டியபோது, எங்கள் சோற்றுக் கரண்டி மூழ்கும் அளவுக்குச் சீனி சேர்ந்துவிட்டது. மதினி விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இம்புட்டையுமா நாங்க ரெண்டு பேரும் குடிச்சோம்?" என்றார். பாதியென்றால் 300 மில்லி, 42 கிராம், பத்தரை ஸ்பூன்.

எழுத்து அழிந்துபோய்ச் சீனி வரி தெரியாத பாட்டிலுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு கிராம் சீனி 4 கலோரி தரும், எனவே ஒரு டீஸ்பூன் 16 கலோரி. பாலும் கொழுப்பும் இல்லாத பானத்தில் கலோரி அநேகமாக முழுதும் சீனியிலிருந்தே வருகிறது. ஆகவே பாட்டிலின் மொத்தக் கலோரியை 16ஆல் வகுத்தால் ஸ்பூன் எண்ணிக்கை கிட்டத்தட்ட வந்துவிடும். மதினியின் பாட்டிலில் 58ஐ 6ஆல் பெருக்கினால் 348 கலோரி. 16ஆல் வகுத்தால் 21க்குச் சற்று மேலே வருகிறது. போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்கவும் இது உதவும். இரண்டு வழியிலும் விடை வெகுதூரம் விலகினால், 100 மில்லி எண்ணையும் ஒரு தடவை அளவு எண்ணையும் கலந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

டீயில் திகட்டுவது பாட்டிலில் ஏன் திகட்டவில்லை

மதினி கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் 120 மில்லி டீ என்று வையுங்கள். இரண்டு ஸ்பூன் என்றால் 8 கிராம். அப்படியென்றால் 100 மில்லிக்கு ஏழு கிராமுக்கும் குறைவு. பாட்டிலில் 14. அவருக்குப் போதும் என்று தோன்றும் டீயைவிட இரண்டு மடங்கு இனிப்பை அவர் நாக்கு கண்டுகொள்ளவே இல்லை. காரணம் இரண்டு. சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். அதோடு இந்தப் பானங்களில் சிட்ரிக் அமிலம் போன்ற புளிப்பு சேர்க்கிறார்கள், புளிப்பு இனிப்பை அமுக்கிவிடும். சோதித்துப் பார்க்க ஒரே ஒரு மடக்கை டம்ளரில் மிச்சம் வைத்து, வெயிலில் சூடேறிய பிறகு குடித்துப் பாருங்கள். பாகு மாதிரி தொண்டையில் ஒட்டும். பாட்டிலில் இருந்தது அதே சீனிதான். ஆகவே நாக்கை நம்பி அளவு சொல்ல முடியாது, லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் வரை

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாள் முழுதும் உணவில் கிடைக்கும் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழேதான் இத்தகைய சீனியிலிருந்து வர வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு முதலாவது 50 கிராம், இரண்டாவது 25 கிராம். ஸ்பூனில் சொன்னால் மேல் எல்லை பன்னிரண்டு, நல்ல எல்லை ஆறு.

இந்தக் கணக்கில் சேரும் சீனி எது என்பதைக் கவனிக்க வேண்டும். உணவிலும் பானத்திலும் நாமோ தயாரிப்பாளரோ போடும் சீனி, தேன், பாகு, பழச்சாற்றில் இருக்கும் இனிப்பு எல்லாம் சேரும். நம் ஊர்க் கருப்பட்டியும் சேரும். கருப்பட்டிக் காபிக்கு இதில் விலக்கு இல்லை, அதுவும் பெரும்பாலும் சீனிச் சத்துதான். முழுப் பழத்தைக் கடித்துத் தின்றால் அதிலுள்ள இனிப்பு இந்தக் கணக்கில் வராது. பாலில் இயற்கையாக உள்ள இனிப்பும் வராது.

2000 கலோரி என்பது ஒரு நடுத்தர அளவு. அலையில் மூழ்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண் 2400 கலோரி சாப்பிடுகிறார் என்றால் அவருக்கு மேல் எல்லை 60 கிராம், அதாவது பதினைந்து ஸ்பூன் வரை போகும். 1400 கலோரி சாப்பிடும் பள்ளிப் பிள்ளைக்கோ மேல் எல்லையே 35 கிராம், ஒன்பது ஸ்பூனுக்குக் கீழே. மதினி குடித்த அதே பாதி பாட்டிலை அந்தப் பிள்ளை குடித்தால் ஒரே மூச்சில் எல்லை தாண்டிவிடும். பெரியவருக்கு வாங்கியதைப் பிள்ளையோடு சரிபாதியாகப் பங்கிடுவது நம் வீடுகளில் வழக்கம். நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான்.

மதினி நாளுக்கு மூன்று டீ குடிக்கிறார், ஆறு ஸ்பூன். பாதி பாட்டில் பத்தரை. மொத்தம் பதினாறரை ஸ்பூன். உழைப்புக்கு ஏற்றபடி அவருக்குப் பதினைந்து என்று தாராளமாக வைத்தாலும் தாண்டிவிட்டது. பிஸ்கட்டையும் சாயங்காலம் வாங்கும் இனிப்பையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அந்த லேபிளில் இன்னொரு வரி இருந்தது. ஒரு தடவை அளவு 150 மில்லி, ஒரு நாள் தேவையில் சேர்த்த சீனி 38 சதவீதம். பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். நம் நாட்டு லேபிள் விதிப்படி இந்தச் சதவீதம் 50 கிராமை நூறாக வைத்துப் போடப்படுகிறது. அதாவது மேல் எல்லைதான் இங்கே நூறு. நல்ல எல்லையான 25 கிராமை வைத்தால் அது 75 சதவீதம் ஆகிவிடும். அடுத்து, 150 மில்லியோடு யார் நிறுத்துகிறார்கள்? பாட்டிலில் அப்படி நான்கு பங்கு இருக்கிறது. 150 மில்லியில் சேர்த்த சீனி 18.75 கிராம், நான்கு பங்குக்கு 75 கிராம். லேபிள் கணக்கிலேயே அது 150 சதவீதம்.

மொத்தச் சீனியா, சேர்த்த சீனியா?

மாம்பழ பாட்டிலுக்கு நான் மொத்தச் சீனியான 14ஐ எடுத்தேன். சேர்த்தது 12.5தானே, மிச்சம் பழத்தினுடையதுதானே என்று கேட்கலாம். பழம் சாறாகிவிட்டால் அதன் இனிப்பும் எல்லைக் கணக்கில் சேரும் என்று மேலே சொன்னேன். அதனால் பழம் போட்ட பாட்டில் எதுவானாலும் மொத்தத்தையே எடுங்கள். "சீனி சேர்க்கவில்லை" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் சாறு பாட்டிலுக்கு இது இன்னும் முக்கியம். அதில் சேர்த்த சீனி பூஜ்யம் என்று இருக்கும், மொத்தச் சீனி வரியைப் பார்த்தால் பத்து கிராமுக்கு மேல் காட்டலாம்.

பால் கலந்த பாட்டிலுக்கு நேர் எதிர். ரோஸ் மில்க் பாட்டில் ஒன்றைப் பார்த்தோம். 200 மில்லி. 100 மில்லிக்கு மொத்தச் சீனி 12.5 கிராம், சேர்த்தது 8 கிராம். நடுவில் இருக்கும் நாலரை கிராம் பாலிலேயே இருக்கும் லாக்டோஸ். சாதாரணப் பாலிலும் 100 மில்லிக்கு அந்த அளவில்தான் இருக்கும். எனவே இங்கே சேர்த்த சீனியை எடுக்க வேண்டும். 8ஐ 2ஆல் பெருக்கினால் 16 கிராம், நான்கு ஸ்பூன். மொத்தத்தை எடுத்திருந்தால் ஆறு ஸ்பூனுக்கு மேல் என்று தப்பாக வந்திருக்கும். கலோரியை 16ஆல் வகுக்கும் குறுக்கு வழியும் பால் பாட்டிலுக்குச் செல்லாது, பாலின் கொழுப்பும் புரதமும் கலோரி தருகின்றன.

கலர் பாட்டில், பன்னீர் சோடா மாதிரியானவற்றில் பழமும் பாலும் இல்லை. இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும், யோசிக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

சீனி வியாதி இருப்பவர்களுக்கு ஆறு, பன்னிரண்டு என்ற எல்லை உரியதல்ல. அவர்களுடைய அளவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குப் படகில் வைத்துத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் அது சீனி இறங்கியதாக இருக்கலாம். அப்போது உடனடியாக 15 கிராம் சீனி, கிட்டத்தட்ட நான்கு ஸ்பூன் உள்ளே போக வேண்டும். மதினியின் பாட்டிலில் அது அரை டம்ளர், 100 மில்லிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் பூஜ்யம் சீனி பாட்டில் உதவாது. அதனால் அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் எந்த பாட்டிலில் எவ்வளவு சீனி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலில் வியர்த்து ஓய்ந்தவருக்கும், வயிற்றுப்போக்கு கண்டவருக்கும் இந்த பாட்டிலைத் தெம்புக்கென்று கொடுப்பதும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலில், அதாவது ஓ.ஆர்.எஸ்.ஸில், குளுக்கோஸ் 13.5 கிராம்தான். மாம்பழ பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 140 கிராம், பத்து மடங்கு. போக்கு இருக்கும்போது இவ்வளவு சீனி குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். வேண்டிய உப்பும் அதில் இருக்காது.

எவ்வளவு குடிக்கலாம் என்று திருப்பிப் போடும் கணக்கு

மதினி பாட்டிலை அடியோடு விடுவதாக இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர் கேட்டது, "அப்ப எந்த மட்டுக்குக் குடிக்கலாம், அதச் சொல்லு" என்பதுதான். அதற்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்.

நாளைக்குப் பன்னிரண்டு ஸ்பூன் என்று அவரே எல்லை வைத்துக்கொண்டார். உழைப்புக்காகக் கூட்டிக்கொள்ள வேண்டாம், அந்த மூன்று ஸ்பூன் பிஸ்கட்டுக்கு இருக்கட்டும் என்றார். மூன்று டீக்கு ஆறு ஸ்பூன் போனால் மிச்சம் ஆறு.

```
6 ஸ்பூன் × 4 = 24 கிராம்
24 ÷ 14 = 1.7
1.7 × 100 = 170 மில்லி
```

வீட்டுச் சின்ன டம்ளர் 200 மில்லி. அதற்கு ஒரு விரல்கடை குறைவாக ஊற்றினால் 170 வந்துவிடும். ஆனால் கரையில் டம்ளர் ஏது? காலி பாட்டில் ஒன்றை எடுத்து, மருந்துக் கடையில் வாங்கிய 10 மில்லி ஊசிக்குழாயால் பதினேழு முறை தண்ணீர் விட்டோம். தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டார். இப்போது புது பாட்டில் வாங்கினால் அந்தக் காலி பாட்டிலில் ரப்பர் பேண்ட் வரைக்கும் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கூட்டாளிகள் மூவருக்குக் கொடுத்துவிடுகிறார். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டில் என்றால் ஆளுக்கு 150 மில்லிதான் வரும் என்று கூட்டாளி ஒருத்தி கணக்குப் போட்டுச் சொன்னாள். அது ஐந்தே கால் ஸ்பூன். ரப்பர் பேண்டை மதினி கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டார்.